பாயில் உட்கார்ந்து பார்த்தால் கடல் தெரியுமா?

தேவிபட்டினத்தில் ஒரு பழைய ஓட்டு வீட்டைச் சரிசெய்யும் வேலை வந்தது. கிழக்கே கடல், கரைக்கும் வீட்டுக்கும் நடுவே 300 அடி மணல். வீட்டுக்கார அக்கா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "எங்க அப்பத்தா கட்டில்ல உக்காராது தம்பி, பாய்தான். அது பாயில இருந்தபடியே கடலைப் பாக்கணும்." நானும் ராமநாதபுரத்துக்குத் திரும்பி வந்து, படம் வரையும் ஏஐ கருவியில் இப்படி அடித்தேன்:

```
beautiful sea view living room, traditional Tamil house,
golden hour, photorealistic, 8k
```

பொன்னிற வெளிச்சம், சன்னல் முழுக்க நீலக் கடல், அதில் பாதி முங்கிய ஆரஞ்சுச் சூரியன். படம் அள்ளியது. அக்கா போனை வாங்கி ஒரு நிமிடம் பார்த்தார். "படம் நல்லாத்தான் இருக்கு. ஆனா இது பொழுது சாயிற வெளிச்சமாட்டம்ல இருக்கு? எப்போ தம்பி நம்மூர்ல கிழக்க பொழுது சாய ஆரம்பிச்சுது?"

வீட்டு உள்ளலங்காரத்துக்கு ஏஐ படம் எடுக்கத் தொடங்குகிற எல்லோரும் விழுகிற பள்ளம் இதுதான். நாம் எழுதும் குறிப்பை பிராம்ப்ட் என்கிறார்கள். அந்தக் குறிப்பில் நாம் சொல்லாமல் விட்ட ஒவ்வொன்றையும் கருவி தன் போக்கில் நிரப்பிக்கொள்ளும். இணையத்தில் எது அதிகமாகக் கிடக்கிறதோ அதைக் கொண்டுதான் நிரப்பும். கடலோர வரவேற்பறை என்றால் மேற்குக் கடற்கரை விடுதிகளின் படங்களும் வெளிநாட்டுத் தீவுகளின் படங்களும்தான் அங்கே குவிந்து கிடக்கின்றன. "கோல்டன் அவர்" என்ற சொல்லோடு சேர்ந்து கிடப்பது அஸ்தமனம். தேவிபட்டினத்துக் கடல் எந்தத் திசை என்று அதற்கு யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அந்த வீட்டுக்கு நான் பிறகு எழுதிய குறிப்பை இங்கே பிரித்துக் காட்டுகிறேன். மூன்று விஷயம்: எந்த உயரத்திலிருந்து பார்க்கிறோம், எத்தனை மணி வெளிச்சம், என்னென்ன பொருள். பலரும் பொருளில் ஆரம்பிப்பார்கள். நான் உயரத்தில் ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அக்கா கேட்ட கேள்வியே உயரத்தைப் பற்றியதுதான்.

கண் எங்கே இருக்கிறது

நின்றுகொண்டு பார்ப்பவரின் கண் தரையிலிருந்து சுமார் ஐந்தடி உயரத்தில் இருக்கும். நாற்காலியில் உட்கார்ந்தால் நாலடிக்குக் கொஞ்சம் கீழே வரும். பாயில் சம்மணமிட்டால் இரண்டடிக்குச் சற்று மேல்தான். அப்பத்தாவை உட்கார வைத்து டேப்பில் அளந்தேன், 27 அங்குலம். "எதுக்குடா என்னய அளக்குற, சட்டை தைக்கவா?" என்று கேட்டது அப்பத்தா.

இந்த 27 அங்குலம் ஏன் முக்கியம்? கடல் முடிந்து வானம் தொடங்கும் கோடு இருக்கிறதே, அந்த அடிவானம் எப்போதும் பார்ப்பவரின் கண் மட்டத்திலேயே தெரியும். நின்றால் அதுவும் நம்மோடு உயரும், உட்கார்ந்தால் நம்மோடு இறங்கும். மாடியில் ஏறினாலும் கண்ணுக்கு நேரேதான் நிற்கும். வீட்டின் சன்னல் திண்டு தரையிலிருந்து 36 அங்குலத்தில் இருந்தது. அப்பத்தாவின் கண் 27-ல். அப்படியென்றால் அடிவானம் திண்டுக்கு 9 அங்குலம் கீழே, சுவருக்குப் பின்னால். கடலும் அதற்குக் கீழேதான் என்பதால், அந்தச் சன்னல் வழியாக அப்பத்தாவுக்குத் தெரிவது வானமும் எப்போதாவது ஒரு பறவையும்தான். இத்தனை வருடமாக அது கடலை நின்றபடிதான் பார்த்திருக்கிறது.

முதலில் வந்த படத்தில் இது எதுவும் தெரியவில்லை. கருவி கண்ணை ஐந்தடியில் வைத்திருந்தது. அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று சொல்கிறேன், யாரும் செய்து பார்க்கலாம். படத்தில் சன்னலை நோக்கி உள்ளே ஓடும் நேர்க்கோடுகளைப் பாருங்கள்: பக்கச் சுவர் தரையைத் தொடும் கோடு, பாயின் ஓரம், உத்தரத்தின் விளிம்பு. ஒரு அளவுகோலை வைத்து அவற்றை நீட்டினால் எல்லாம் ஒரு புள்ளியில் கூடும். அந்தப் புள்ளி வழியே குறுக்கே ஒரு கோடு போடுங்கள், அதுதான் கண் மட்டம். அந்தக் கோடு தரையில் நிற்கும் கதவை எங்கே வெட்டுகிறது என்று பாருங்கள். கதவு ஏழடி என்றால், நடுவில் வெட்டினால் கண் மூன்றரை அடியில். முக்கால் உயரத்தில் வெட்டினால் ஐந்தேகால் அடியில்.

இதே கோட்டின் மேல்தான் கடலின் அடிவானமும் உட்கார வேண்டும். ஏஐ படங்களில் இது பிசகுவது சகஜம். அறையின் கோடுகள் ஓரிடத்தில் கூடும், சன்னலுக்குள் கடல் வேறொரு உயரத்தில் தொங்கும். அறையை ஒரு படத்திலிருந்தும் கடலை இன்னொரு படத்திலிருந்தும் வெட்டி ஒட்டியது போல இருக்கும். பார்ப்பவருக்கு என்ன தப்பு என்று சொல்லத் தெரியாது, ஆனால் ஏதோ உறுத்தும்.

சரி, குறிப்பில் `camera height 27 inches` என்று எழுதிவிட்டால் போதாதா? எழுதிப் பார்த்தேன். அந்த எண்ணைக் கருவி பெரும்பாலும் மதிப்பதில்லை. அது படித்து வளர்ந்த படங்களின் கீழே "சோபா", "சன்னல்" என்று எழுதியிருக்கும், கேமரா எத்தனை அங்குலத்தில் இருந்தது என்று யாரும் எழுதி வைப்பதில்லை. அதனால் எண்ணைக் கொடுப்பதைவிட, அந்த உயரத்திலிருந்து பார்த்தால் என்ன தெரியும் என்பதைச் சொல்வது நன்றாக வேலை செய்யும். அறையில் 30 அங்குல உயர மேசை ஒன்று இருந்தது. 27 அங்குலத்தில் கண் இருந்தால் மேசையின் மேற்பரப்பு தெரியவே கூடாது, பலகையின் விளிம்பும் அடிப்பக்கத்தில் கொஞ்சமும்தான் தெரியும். 18 அங்குல நாற்காலிப் பலகை லேசாக மேலிருந்து தெரியும். தரை குறுகித் தெரியும், மேலே உத்தரங்களின் அடிப்பக்கம் நிறையத் தெரியும். இதையெல்லாம் எழுதினேன்:

```
View of a person sitting cross-legged on the floor.
Low eye level, camera held level, walls perfectly vertical.
The table top is not visible, only its front edge and underside.
Roof rafters seen from below.
```

"கேமரா மட்டமாக" என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். தாழ்ந்த கோணம் என்று மட்டும் எழுதினால், கருவி கேமராவைத் தரையில் வைத்து அண்ணாந்து பார்க்க வைத்துவிடும். சுவர்கள் மேலே போகப் போக ஒன்றையொன்று நோக்கிச் சாயும், அறை கோயில் மண்டபம் போல ஆகிவிடும். உட்கார்ந்திருப்பவர் அண்ணாந்து பார்ப்பதில்லை, நேரேதான் பார்க்கிறார்.

திண்டை 18 அங்குலத்துக்கு இறக்குவதாக முடிவு செய்தோம். இப்போது அடிவானம் திண்டுக்கு மேலே 9 அங்குலத்தில் வரும். ஆனால் கடல் எவ்வளவு தெரியும்? இங்கேதான் ஏஐ படம் ஆளை ஏமாற்றும். சன்னலில் பாதியை அது நீலத்தால் நிரப்பிவிடும். கணக்கு போட்டுப் பார்த்தால் வேறு கதை. வீட்டு மனை கடல் மட்டத்துக்கு நாலடி மேலே, வீட்டுத்தரை அதற்கு மூன்றடி மேலே, அதற்கு மேல் அப்பத்தாவின் கண் இரண்டேகால் அடி. மொத்தம் ஒன்பதேகால் அடி. கரை 300 அடி தூரத்தில். பாய் சன்னலிலிருந்து எட்டடி தள்ளி. ஒன்பதேகாலை எட்டால் பெருக்கி 300-ஆல் வகுத்தால் கால் அடி வரும். சன்னலில் கடல் பிடிக்கும் இடம் மூன்று அங்குலப் பட்டை. அவ்வளவுதான். அதற்குக் கீழே ஆறு அங்குலத்துக்கு மணலும் பனைமட்டை வேலியும், மேலே முழுக்க வானம்.

மூன்று அங்குலம் என்றதும் அக்கா முகம் சுருங்கியது. ஆனால் இந்தக் கரையில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல, வாசலில் உட்கார்ந்து பார்த்தால் கடல் ஒரு கோடுதான். நல்லவேளை, முன்னால் இருந்தது இடுப்பளவு வேலி. "பாதுகாப்புக்கு" என்று யாராவது ஐந்தடி மதில் எழுப்பியிருந்தால் அந்த மூன்று அங்குலத்தில் முக்கால்வாசி போயிருக்கும். குறிப்பில் இப்படிச் சேர்த்தேன்:

```
Through the window: mostly sky, a thin band of calm shallow
grey-green sea, then pale sand and a low palm-stalk fence.
```

"அமைதியான, ஆழமில்லாத" என்று ஏன் எழுதினேன் என்றால், தேவிபட்டினம் இருப்பது பாக் நீரிணையின் பக்கம். அங்கே கடல் பெரும்பாலும் குளம் போலக் கிடக்கும். வெறும் "கடல்" என்று எழுதினால் கருவி நுரை பொங்கும் அலையைக் கொண்டுவந்து போடும்.

எத்தனை மணி, எந்தப் பக்கம்

நேரத்தைத் தனியாகச் சொல்லக் கூடாது, சன்னலின் திசையோடு சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். "காலை வெளிச்சம்" என்றால் கிழக்குச் சன்னலுக்கு ஒரு அர்த்தம், தெற்குச் சன்னலுக்கு வேறு அர்த்தம். நம் மாவட்டத்தில் இது ஊருக்கு ஊர் மாறும். தேவிபட்டினத்திலும் தொண்டியிலும் கடல் கிழக்கே. கீழக்கரையில் தெற்கே. மண்டபத்தில் வடக்கே ஒரு கடல், தெற்கே ஒரு கடல். கடலைப் பார்த்த சன்னல் என்று பொதுவாகச் சொன்னால் எந்த வெளிச்சம் என்பது தெரியாது.

தேவிபட்டினத்துக் கிழக்குச் சன்னலை மட்டும் எடுத்துக்கொள்வோம். மார்ச் 20-ஐ ஒட்டி அங்கே சூரியன் ஏறத்தாழ 6.20-க்கு எழும். நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் சூரியன் செங்குத்தாகச் சட்டென்று ஏறும், மணிக்குச் சுமார் 15 டிகிரி. அந்தப் பொன்னிற வெளிச்சம் இங்கே அரைமணி நேரம்கூட நிற்காது. குளிர்நாட்டுப் படங்களில் அது மணிக்கணக்கில் நிற்பதைப் பார்த்துவிட்டு நாமும் அதையே கேட்கிறோம்.

7.30 மணிக்குச் சூரியன் சுமார் 17 டிகிரியில் இருக்கும். வீட்டின் ஓட்டு இறவாரம் சுவரிலிருந்து இரண்டடி வெளியே நீட்டியிருக்கிறது, அதன் நுனி வீட்டுத்தரையிலிருந்து ஏழடி உயரம். அறையின் ஆழம் 14 அடி. இறவாரத்தின் நுனியை உரசி வரும் கதிர் அறைக்குள் தாழ்வாகச் சாய்ந்து நுழைந்து, எதிர்ச்சுவரில் இரண்டடி உயரத்தில் போய் விழும். அதாவது தரையின் பெரும்பகுதியும் எதிர்ச்சுவரின் அடியும் வெயிலில் குளிக்கும், சன்னல் கம்பிகளின் நிழல் நீள நீளமாகக் கிடக்கும். 9.20 வாக்கில் சூரியன் 45 டிகிரிக்கு வந்துவிடும். அப்போது வெயில் சன்னலிலிருந்து ஐந்தடிக்கு மேல் உள்ளே வராது. இதை மனதில் வைக்க ஒரு சுலபமான வழி உண்டு. 45 டிகிரியில் கதிர் எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவுதான் முன்னேறும். ஏழடி உயர நுனி, அதில் இரண்டடி வெளியிலேயே செலவாகிவிட்டது, மிச்சம் ஐந்தடி. எட்டடி தள்ளி இருக்கும் அப்பத்தாவின் பாய் நிழலில்.

ஆக, 9.20 மணிக் குறிப்பு இப்படி அமையும்:

```
Mid-morning, window faces east, sun high outside.
One short patch of sunlight on the floor close to the window,
the rest of the room in soft shade. Bright silvery sea.
```

கடைசியில் உள்ள "வெள்ளியாகப் பளபளக்கும் கடல்" கவனிக்க வேண்டியது. காலையில் சூரியன் கடல் பக்கம் இருப்பதால் தண்ணீர் கண்ணைக் கூசும், நீலமாகத் தெரியாது. சாயங்காலம்தான் சூரியன் வீட்டுக்குப் பின்னால் போய்க் கடலை நேரே ஒளியூட்டும். அப்போது தண்ணீரின் நிறமும் வள்ளங்களின் நிறமும் தெளிவாகத் தெரியும், அறைக்குள்ளோ வெயிலே இருக்காது, மெல்லிய நீலச் சாயல் கொண்ட நிழல்தான். என்னைக் கேட்டால் அந்த வீட்டின் நல்ல நேரம் சாயங்காலம் நாலரை. முதல் படத்தில் வந்த அஸ்தமனம் அங்கே அடுப்படிச் சன்னல் வழியாகத்தான் தெரியும்.

அஸ்தமனத்தைத் தவிர்க்க நான் முதலில் `no sunset` என்று எழுதியிருந்தேன். அது இன்னும் சிவப்பான அஸ்தமனத்தைக் கொடுத்தது. பல கருவிகள் "இல்லை" என்பதைச் சரியாகப் பிடிப்பதில்லை, அந்தச் சொல்லை மட்டும் பிடித்துக்கொள்ளும். வேண்டாததை எழுதுவதற்கென்று தனிக் கட்டம் இருந்தால் அங்கே எழுதலாம். இல்லையென்றால் வேண்டியதை மட்டும் எழுதுங்கள்: சூரியன் எங்கே, நிழல் எங்கே, வானம் என்ன நிறம்.

மாதமும் கொஞ்சம் மாற்றும். ஜூனில் சூரியன் வடகிழக்கே எழுவதால் வெயில் திட்டு அறையின் தெற்குச் சுவர் பக்கம் சாய்ந்து விழும், டிசம்பரில் வடக்குச் சுவர் பக்கம். ஆரம்பத்தில் அவ்வளவு நுணுக்கம் தேவையில்லை.

பெயரைச் சொன்னால் போதாது

பொருள்களுக்கு வருவோம். அந்த வீட்டில் மூன்று பொருள்களை அப்படியே வைத்துக்கொள்ள அக்கா ஆசைப்பட்டார்: ரெட் ஆக்சைடு தரை, சுண்ணாம்புச் சுவர், பனங்கட்டை உத்தரம். மூன்றையும் பெயரோடு எழுதியபோது மூன்றுமே தப்பாக வந்தன. ரெட் ஆக்சைடு தரை சதுரச் செங்கல் ஓடாக வந்தது, ஒரு முறை துருப்பிடித்த இரும்புத் தகடு போலவும் வந்தது. ஆக்சைடு என்ற சொல் துருவோடுதான் அதிகம் புழங்குகிறது, கருவியைக் குறை சொல்ல முடியாது. பனை என்று எழுதியதும் அறைக்குள் ஒரு தொட்டியில் பனங்கன்று முளைத்தது. சுண்ணாம்பு என்றதும் சுவர் பச்சையாகிவிட்டது. ஆங்கிலத்தில் சுண்ணாம்புக்கும் எலுமிச்சை வகைக்கும் ஒரே சொல் என்பது அப்போதுதான் உறைத்தது.

அதனால் பெயரை நம்பாமல், அந்தப் பொருள் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்று எழுத வேண்டும். நான் கேட்டுக்கொள்ளும் கேள்விகள் இவைதான்: இது மினுக்குமா, மங்கலா? இணைப்புக் கோடு உண்டா? எவ்வளவு தேய்ந்திருக்கிறது? ரெட் ஆக்சைடு தரையின் உயிரே அது இணைப்பில்லாத ஒரே பரப்பு என்பதுதான். சிமெண்டோடு சிவப்பு நிறப்பொடி சேர்த்துப் பூசி, கரணையால் இழுத்து, வழவழப்பாகத் தேய்த்த தரை. வருடக்கணக்கில் கால் பட்டு, எண்ணெய்த் துணியால் துடைத்து, நடக்கிற வழி மட்டும் அதிகம் மினுங்கும். பனங்கட்டை கிட்டத்தட்டக் கறுப்பு, அதில் வெளிறிய நார்க் கீற்றுகள் நீளவாக்கில் ஓடும். தேக்கு போல வளைவு வளைவான வரிகள் அதில் கிடையாது.

```
Seamless polished dark-red cement floor, no tile joints, worn
shinier along the walking path. Chalky matte white hand-trowelled
plaster walls. Near-black roof timbers with fine straight pale
streaks, clay tiles above. One woven palm-leaf mat.
```

"இணைப்பு இல்லாத" என்று எழுதியது நான் சற்று முன் சொன்னதற்கு முரணாகத் தெரியலாம். இங்கே "ஒரே பரப்பு" என்ற நேர்ச்சொல் முன்னாலேயே வந்துவிட்டதால் பரவாயில்லை, எனக்கு வேலை செய்தது. செய்யாவிட்டால் பின்பாதியை எடுத்துவிடுங்கள்.

பொருளும் கண் உயரமும் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன என்பது எனக்கு இந்த வேலையில்தான் பிடிபட்டது. மினுக்கும் தரையை மேலிருந்து பார்த்தால் அதன் நிறம்தான் தெரியும், தாழ்ந்து சாய்வாகப் பார்த்தால் பிரதிபலிப்பு கூடும். வீட்டில் சிவப்புத் தரை இருந்தால் இப்போதே குனிந்து பாருங்கள், சன்னல் தரையில் தெரியும். ஆகவே ஐந்தடியிலிருந்து எடுத்த படத்தில் இந்தத் தரை கருஞ்சிவப்பு. பாயிலிருந்து பார்க்கும் படத்திலோ சன்னலின் வெளிச்சம் தரையில் ஒரு நீளமான வெள்ளைக் கீற்றாகக் கிடக்க வேண்டும். அது இல்லாமல் தரை தட்டையான சிவப்பாக இருந்தால், கருவி மினுக்கத்தை விட்டுவிட்டது என்று அர்த்தம். இன்னொன்று, வெயில் திட்டு சிவப்புத் தரையில் விழும்போது பக்கத்துச் சுண்ணாம்புச் சுவரின் அடியில் லேசாக ரோஸ் நிறம் ஏறும். அதுவும் வந்தால் படம் நம்பும்படியாக இருக்கும்.

உப்புக் காற்றைப் பற்றி எந்தப் படமும் பேசாது. சன்னலுக்குப் பளபளக்கும் கறுப்பு இரும்புக் கம்பியை அழகாகப் போட்டுக் காட்டும், கடற்கரையில் அது கொஞ்ச நாளில் துருப்பிடித்து ஒழுகி, சுவரில் பழுப்புக் கோடு போடும். படத்தில் நன்றாக இருக்கிறதே என்று பொருளைத் தேர்ந்தெடுக்காதீர்கள். பொருளை முதலில் ஊர் கொத்தனாரிடமும் ஆசாரியிடமும் பேசி முடிவு செய்துவிட்டு, பிறகு அதைப் படத்தில் எழுதுங்கள்.

மாற்றிப் பார்க்கும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கருவி ஒவ்வொரு முறையும் தற்செயலாக ஓர் எண்ணிலிருந்து வரையத் தொடங்குகிறது, அதை சீட் என்பார்கள். அந்த எண்ணை மாற்றாமல் வைத்துக்கொண்டு நேரத்தை மட்டும் மாற்றினால், அறை பெரும்பாலும் அப்படியே இருந்து வெளிச்சம் மட்டும் மாறும். சீட்டும் மாறினால் எது எதனால் மாறியது என்றே தெரியாது. அப்புறம், பெரும்பாலான கருவிகளில் முதலில் வரும் வரிகளுக்கு மதிப்பு அதிகம். அதனால் இந்த வேலையில் கண் உயரத்தை முதல் வரியாக வைத்தேன், `8k` போன்ற அலங்காரச் சொற்களைத் தூக்கிவிட்டேன்.

இத்தனைக்குப் பிறகும் கருவி அளவெடுத்து வரையாது. மூன்று அங்குலப் பட்டையை ஒரு முறை சரியாகப் போடும், அடுத்த முறை ஓரடி ஆக்கிவிடும். அளவு பிசகவே கூடாத இடத்தில் நான் செய்வது இது: ஸ்கெட்ச்அப் என்ற முப்பரிமாண வரைவு மென்பொருளில் அறையை வெறும் சாம்பல் நிறப் பெட்டிகளாக வரைந்துகொள்வேன். சுவர், திண்டு, மேசை, வெளியே வேலி, தூரத்தில் கடல், அவ்வளவுதான், அரைநாள் வேலை. அதில் `Position Camera` என்ற கருவியை எடுத்தால் கண் உயரம் ஐந்தடி ஆறு அங்குலம் என்றுதான் தொடங்கும். பாய் இருக்கும் இடத்தில் சொடுக்கிவிட்டு 27 அங்குலம் என்று அடித்தால் கண் அங்கே இறங்கிவிடும். ஊரின் இடத்தைக் குறித்து, தேதியும் மணியும் கொடுத்தால் நிழலும் சரியாக விழும். அந்தச் சாம்பல் படத்தை ஏஐ கருவிக்கு மூலப்படமாகக் கொடுத்து, கோடுகளை மாற்றாதே என்ற அமைப்பில் வைத்துவிட்டு, பொருளையும் வெளிச்சத்தையும் மட்டும் குறிப்பில் எழுதுவேன். உயரமும் கோணமும் என் கையில் இருக்கும், தோலை மட்டும் கருவி போர்த்தும்.

அப்படி எடுத்த படத்தைத்தான் அக்காவிடம் இரண்டாவது முறை கொண்டுபோனேன். திண்டு 18 அங்குலத்தில், சாயங்கால வெளிச்சம், கறுத்த உத்தரம், சிவப்புத் தரையில் சன்னலின் கீற்று. அக்கா வெகுநேரம் பார்த்துவிட்டு, "கடல் எங்க தம்பி?" என்றார்.

நானும் உற்றுப் பார்த்தேன். திண்டு தாழ்ந்துவிட்டதால் பிள்ளைகள் விழுந்துவிடாமல் இருக்கக் கம்பி போட்டிருந்தேன். நாலு அங்குலத்துக்கு ஒரு நிற்கும் கம்பி, அவற்றைப் பிணைக்க ஒன்பது அங்குலத்துக்கு ஒரு குறுக்குப் பட்டை, வழக்கமாக வெல்டர் போடுவது போல. திண்டு 18, அதற்கு மேல் 9 அங்குலம், மொத்தம் 27. முதல் குறுக்குப் பட்டை அப்பத்தாவின் கண் மட்டத்தில், அடிவானத்தின் மேல் கச்சிதமாகப் படுத்திருந்தது. மூன்று அங்குலக் கடலில் மேல் பாதி அந்தப் பட்டைக்குப் பின்னால்.

பட்டையைத் திண்டிலிருந்து நாலு அங்குலத்துக்கு இறக்கி, அடுத்ததைப் பதின்மூன்றில் வைத்தேன். கம்பி போட வந்த தம்பி, இடைவெளி ஒழுங்காக இல்லையே என்று இரண்டு முறை கேட்டார். பாயில் உட்கார வைத்துக் காட்டிய பிறகு டேப்பை எடுத்து வெல்டிங்கைத் தொடங்கினார்.